முதலில் நீர், கடைசியில் பீட்டா பிளாக்கர்: தாராவி நோயாளி ஒருவரின் இதயச் செயலிழப்பும் மூன்று மருந்துகளும்

நோயாளிக்கு வயது 57. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், முப்பது வருடத்துக்கும் மேலாக மும்பை தாராவியில் குடும்பம். விடியற்காலையில் எழுந்து மாவு, சட்னி வேலையை முடித்துவிட்டு ஆறு மணிக்குச் சைக்கிளில் இட்லி விற்கக் கிளம்புகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் பெரிய மாரடைப்பு வந்து, இதயத்தின் முன்சுவருக்குப் போகும் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். உடம்பு நன்றாக இருந்ததால் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தவிர மற்றதெல்லாம் நின்றுபோனது. அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. தாராவியில் பல வீடுகளில் மாடிக்குப் போக செங்குத்தான இரும்பு ஏணிதான் இருக்கும். அதில் ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் இரவில் படுத்த இரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பார்த்தபோது நாடித்துடிப்பு 104 இருந்திருக்கிறது. துடிப்பு வேகமாக இருக்கிறது, பழைய மாரடைப்பு வேறு உண்டு என்பதால் பீட்டா பிளாக்கர் வகையான மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே நீர் மாத்திரையான ஃப்ரூசமைடு 40 மி.கி. ஒன்று. ஐந்தாவது நாள் மனைவியும் மகனுமாக அவரை ஆட்டோவில் உட்காரவைத்து எங்கள் அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தார்கள்.

"துடிப்பு குறைஞ்சிட்டுன்னு சொன்னாவ டாக்டர், ஆனா ஆளு ரொம்ப ஓஞ்சிட்டாவ" என்றார் மனைவி. அவர் சொன்னது இரண்டுமே சரி. இரண்டும் ஒரே காரணத்தால் நடந்தவை.

வந்தபோது நாடி 62, இரத்த அழுத்தம் 92/64. கைவிரல்கள் குளிர்ந்திருந்தன. கழுத்து இரத்தக்குழாய் தாடை வரை புடைத்துத் தெரிந்தது. இரண்டு நுரையீரலின் அடியிலும் ஈரச் சத்தம். கால் வீக்கம் முழங்கால் வரை, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. எடை 72.4 கிலோ. நல்லபடியாக இருந்த காலத்தில் 65, 66 கிலோதான் இருப்பேன் என்றார். சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் கிரியாட்டினின் 1.5, சோடியம் 131, பொட்டாசியம் 4.3. எக்கோவில் இடது கீழறை விரிந்து பெருத்திருந்தது. எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், அதாவது ஒரு துடிப்பில் அறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 26 சதவீதம். நல்ல இதயத்தில் அது 55க்கு மேல் இருக்கும். மைட்ரல் வால்வு கொஞ்சம் பின்கசிந்தது. இ.சி.ஜி.யில் புதிய மாரடைப்பு எதுவும் இல்லை. பின்னால் ஆஞ்சியோகிராம் செய்தபோது ஸ்டென்டும் திறந்தே இருந்தது.

104 என்ற துடிப்பு எதற்காக இருந்தது

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது என்று புரியும். அவருடைய விரிந்த அறை நிரம்பும்போது சுமார் 190 மி.லி. இரத்தம் பிடித்தது. அதில் 26 சதவீதம் என்றால் 49 மி.லி. வால்வு வழியே பின்னால் கசிவதைக் கழித்தால், உடம்புக்கு உண்மையில் போனது ஒரு துடிப்புக்குத் தோராயமாக 42 மி.லி. நிமிடத்துக்கு 104 முறை துடித்தபோது 4.4 லிட்டர் கிடைத்தது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது போதும். துடிப்பை 62க்கு இறக்கியதும் அதே 42 மி.லி. 2.6 லிட்டராகிவிட்டது. துடிப்பு மெதுவாகும்போது அறை நிரம்ப நேரம் கிடைப்பதால் ஒவ்வொரு தள்ளலும் சற்றே கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பித் திணறும் அறைக்கு அந்தக் கூடுதல் நேரத்தால் பெரிய பயன் இல்லை. போதாததற்கு பீட்டா பிளாக்கர் சுருங்கும் பலத்தையும் அன்றைக்கே குறைக்கிறது.

அந்த 104 அவருடைய உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு. அதை நோய் என்று எண்ணி அடக்கியதில்தான் சிக்கல்.

அதே சமயம், அந்த ஏற்பாடுதான் இதயத்தைக் கெடுத்துக்கொண்டும் இருந்தது. மூன்று மருந்துகளின் கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பம்பு பலவீனமாகி இரத்த ஓட்டம் குறைந்தால், அது காயம்பட்டு இரத்தம் கொட்டியதாலா அல்லது இதயம் சோர்ந்ததாலா என்று உடம்புக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டுக்கும் அதே பதிலைத்தான் கொடுக்கும். நரம்பு மண்டலம் நார்அட்ரினலினைக் கொட்டி இதயத்தை வேகமாக ஓடச் சொல்லும். சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். அதன் வேலையால் ஆஞ்சியோடென்சின்–1 உருவாகும். ஏ.சி.இ. என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின்–2 ஆக்கும். அது இரத்தக்குழாய்களை இறுக்கும், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். இரத்தம் கொட்டியவனை இது சில மணி நேரம் காப்பாற்றும். இதயம் பலவீனமானவனுக்கு இதே ஏற்பாடு மாதக்கணக்கில் ஓடும்போது, பிடித்துவைத்த நீர் நுரையீரலில் தேங்குகிறது. இறுகிய குழாய்களுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயம் விரிகிறது. நார்அட்ரினலினும் ஆஞ்சியோடென்சினும் நேரடியாகவே இதயத் தசையணுக்களைக் கொல்கின்றன, நடுவில் நார்த்திசுவை வளர்க்கின்றன.

நீர் மாத்திரை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான நீரை மட்டும் எடுக்கிறது. ஏ.சி.இ. தடுப்பி நடுக் கண்ணியை அறுக்கிறது. பீட்டா பிளாக்கர் நார்அட்ரினலின் இதயத்தில் வந்து உட்காரும் இடத்தை அடைக்கிறது. மூன்றும் வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் எது என்பதில்தான் இந்த நோயாளி மாட்டிக்கொண்டார்.

முதல் ஐந்து நாள்: நீரை எடுத்தது

மெட்டோப்ரோலாலை நிறுத்தினோம். இதை எல்லா நோயாளிக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மாதமாக பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வருபவர் நீர் கோத்து வந்தால், முடிந்தவரை அதைத் தொடர்வோம், தேவைப்பட்டால் பாதியாக்குவோம். திடீரென்று நிறுத்தினால் கேடுதான். இவருக்கு அது புதிதாகத் தொடங்கியது, அதுவும் பெரிய அளவில். கை குளிர்ந்து அழுத்தமும் இறங்கியிருந்தது. அதனால் நிறுத்தினோம்.

வீட்டில் தினமும் விழுங்கிய ஃப்ரூசமைடு ஏன் வேலை செய்யவில்லை என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. வாய்வழி ஃப்ரூசமைடில் சராசரியாகப் பாதிதான் இரத்தத்தில் சேரும், அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. குடலே நீர் கோத்து வீங்கியிருந்தால் உறிஞ்சுவது மெதுவாகி, இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு குறைந்துபோகும். இந்த மருந்துக்கு ஒரு வாசல் அளவு இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை முறை கொடுத்தாலும் சிறுநீர் கூடாது, அதைத் தாண்டினால்தான் திறக்கும். எனவே ஒரு வேளை அளவு போதாவிட்டால் அதே அளவை அடிக்கடி கொடுப்பதை விட, அளவை இரட்டிப்பாக்குவதுதான் முறை.

அவருக்கு 40 மி.கி. நரம்பில் போட்டோம். இரண்டு மணி நேரத்தில் 150 மி.லி.தான் வந்தது, சிறுநீரில் சோடியமும் குறைவு. உடனே 80 மி.கி. போட்டோம். அடுத்த ஆறு மணி நேரத்தில் 1.3 லிட்டர். அதிலிருந்து 80 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை. அன்று இரவே தலையணையை ஒன்றாகக் குறைத்துப் படுத்தார். ஐந்தாம் நாள் காலை எடை 65.8 கிலோ.

இங்கே பலரும் பயப்படும் ஒரு விஷயம் உண்டு. நீர் மருந்தைக் கூட்டினால் கிட்னி கெட்டுவிடும் என்ற பயம். இவருக்குக் கிரியாட்டினின் 1.5இலிருந்து 1.2க்கு இறங்கியது. கழுத்துக்குழாய் தாடைவரை புடைத்திருந்தபோது, அதே அழுத்தம் சிறுநீரகத்தின் சிரையிலும் இருந்தது. வெளியேறும் வழியில் அழுத்தம் கூடினால் வடிகட்டல் குறையும். நீரை எடுத்ததும் அந்த அழுத்தம் விட்டது. நீர் தேங்கியிருக்கும் நோயாளிக்கு ஏறிய கிரியாட்டினின், நீர் மருந்தை நிறுத்தக் காரணம் ஆகாது. பல நேரம் கூட்டத்தான் காரணம்.

ஆனால் ஆறரை கிலோ நீரை எடுத்த பிறகும் அவருடைய இதயம் அதே பழைய இதயம்தான். ஃப்ரூசமைடு வேலை செய்வது சிறுநீரகத்தில், ஹென்லே வளையத்தின் தடித்த ஏறுபகுதியில். அங்கே உப்பைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைக்கிறது, அவ்வளவுதான். இதயத் தசைக்கு அது எதையும் செய்வதில்லை. இந்த வகை நீர் மருந்து ஆயுளைக் கூட்டும் என்று பெரிய ஆய்வு எதுவும் நிரூபித்ததும் இல்லை. உப்பை இழக்கும் சிறுநீரகம் ரெனினை இன்னும் அதிகமாக விடும் என்பதால், தனியாகக் கொடுத்தால் பழைய சங்கிலியை அதுவே கொஞ்சம் முடுக்கியும் விடும். உடனே சுகம் தருவதால் நோயாளிகளுக்கு மிகவும் பிடித்த மாத்திரையும் இதுதான். "இது ஒண்ணு போதும் டாக்டர், மத்தது எதுக்கு" என்று நோயாளி அண்ணாச்சியும் கேட்டார்.

எனலாப்ரில்: எவ்வளவு கிரியாட்டினின் ஏறலாம்

மூன்றாம் நாள் அழுத்தம் 106/70க்கு வந்ததும் ஏ.சி.இ. தடுப்பியான எனலாப்ரில் 2.5 மி.கி. காலை, இரவு என்று தொடங்கினோம். இதன் பலத்தை முதலில் தெளிவாகக் காட்டியது 1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வு. ஸ்காண்டிநேவிய நாடுகளில், மிகக் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் நடந்தது. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். குழாய்கள் தளர்வதால் இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை குறைகிறது. ஆல்டோஸ்டிரோன் தணிகிறது. இதயம் விரிந்துகொண்டே போவது நிற்கிறது.

இதிலும் ஒரு சிறுநீரகக் கணக்கு இருக்கிறது. ஓட்டம் குறைவான உடம்பில், வடிகட்டியிலிருந்து வெளியேறும் சிறு குழாயை ஆஞ்சியோடென்சின்–2 இறுக்கிப் பிடித்து, வடிகட்டும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். எனலாப்ரில் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. எனவே கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 1.4, பொட்டாசியம் 4.8. முப்பது சதவீதம் வரை ஏறினாலும், பொட்டாசியம் 5.5க்குள் இருந்தால் நாங்கள் மருந்தைத் தொடுவதில்லை. இந்த எண்ணைப் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. நோயாளிக்கு அதனால் இழப்பு பெரிது.

ஒன்றை மட்டும் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னோம். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அந்த மாத்திரைகள் வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். வெளியேறும் குழாயை எனலாப்ரில் ஏற்கெனவே தளர்த்தியிருக்கும், ஃப்ரூசமைடு மொத்த இரத்த அளவையும் குறைத்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடும்.

இன்றைய சிகிச்சையில் இந்த மூன்றோடு ஸ்பைரோனோலாக்டோனும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்திருக்கின்றன. இவருக்கும் இரண்டையும் கொடுத்தோம், முதலாவதை வார்டிலேயே, இரண்டாவதை ஏழாம் வாரத்தில். ஆகவே பின்னால் வரும் முன்னேற்றம் முழுவதையும் நான் மூன்று மருந்தின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன்.

பீட்டா பிளாக்கர் திரும்ப வந்தது

ஆறாம் நாள் நுரையீரல் காய்ந்திருந்தது, கழுத்துக்குழாய் இறங்கியிருந்தது, கைகள் சூடாக இருந்தன. நாடி மறுபடி 98. அப்போதுதான் மெட்டோப்ரோலால் சக்சினேட் 12.5 மி.கி., நாளுக்கு ஒன்று, தொடங்கினோம். கிளினிக்கில் கொடுத்தது ஒரு நாளில் 100 மி.கி. இது அதில் எட்டில் ஒரு பங்கு.

மகன் முகத்தில் கோபம் தெரிந்தது. அப்பாவைப் படுக்கவைத்த மாத்திரையையே மறுபடி கொடுக்கிறீர்களா என்றார். ஐம்பது வருடம் முன்பு உலகமே அப்படித்தான் கேட்டது. இதயம் பலவீனமானவருக்கு பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லின. 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் சகாக்களும், இதயத்தசை நோயால் துடிப்பு வேகமாக இருந்த ஏழு பேருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதினார்கள். அதை நம்ப வைக்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1999இல் மெரிட் ஆய்வு வந்தது. 3,991 நோயாளிகள், இதே சக்சினேட் வகை, 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கி படிப்படியாக 200 வரை ஏற்றினார்கள். மரணம் 34 சதவீதம் குறைந்தது. திடீர் மரணமும் குறைந்தது.

கெடுத்த மருந்தே எப்படிக் காக்கிறது என்பதற்குப் பதில், காலத்தில் இருக்கிறது. முதல் நாளில் மருந்து நார்அட்ரினலினின் உந்துதலைத் தடுக்கிறது, பம்பின் பலம் குறைகிறது. சுமார் ஒரு மாதத்தில் பலம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மூன்று மாதத்தில் பழையதைத் தாண்டுகிறது. இந்த இரண்டாவது மாற்றம் தடுப்பதால் நேரடியாக வருவதில்லை, தசையணுவே மாறுவதால் வருகிறது. இடைவிடாத நார்அட்ரினலினால் அணுவின் மேற்பரப்பில் குறைந்துபோன பீட்டா ஏற்பிகள் மெட்டோப்ரோலால் சாப்பிடும்போது மீண்டும் கூடுகின்றன. அணுவுக்குள் கால்சியத்தைக் கையாளும் ஒழுங்கு திரும்புகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஓய்வு நீள்வதால், இதயத் தசைக்கு இரத்தம் ஓடும் நேரமும் கூடுகிறது. விரிந்த அறை மெல்லச் சுருங்குகிறது. முதல் மாற்றம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டாவதற்கு மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதற்காகத்தான் முதலில் நீரை வடிப்பது, மிகச் சிறிய அளவில் தொடங்குவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் இரட்டிப்பாக்காமல் இருப்பது எல்லாம்.

கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்க்கவும் சொன்னோம். டார்ட்ரேட்டும் சக்சினேட்டும் அட்டையில் ஒரே மாதிரி மெட்டோப்ரோலால் என்றுதான் தொடங்கும். இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் சான்று இருப்பது சக்சினேட்டுக்கும், பைசோப்ரோலால், கார்வெடிலால் போன்ற சிலவற்றுக்கும்தான். அட்டனோலாலுக்கு அப்படிப்பட்ட சான்று கிடையாது.

வீட்டில் நடந்தவை

இரண்டாம் வாரம் வந்தபோது முகம் வாடியிருந்தது. "மூச்சு வாங்கல டாக்டர், ஆனா மத்தியானமே படுத்துக்கிடலாம் போல இருக்கு. அந்தச் சின்ன மாத்திரைய நிறுத்திருவோமா?" என்றார். மனைவி தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து நோட்டில் எழுதிவந்தார். பதினான்கு நாளும் 65.6க்கும் 66.2க்கும் நடுவில். வீக்கம் இல்லை, நெஞ்சு சுத்தம். எடை ஏறாமல் சோர்வு மட்டும் வந்தால் அது பீட்டா பிளாக்கரின் முதல் கட்டம். எடையும் ஏறி மூச்சும் வாங்கினால் நீர் திரும்புகிறது. முதல் வகைக்குக் காத்திருப்பதுதான் மருந்து. அளவைக் கூட்டாமல் 12.5இலேயே இன்னும் ஒரு வாரம் விட்டோம். சோர்வு தானாகக் குறைந்தது. பிறகு 25.

நான்காம் வாரம் இரண்டாவது வகை வந்தது. நான்கு நாளில் எடை 68.4, கணுக்காலில் வீக்கம். ஊரிலிருந்து கருவாடு வந்திருந்தது என்று மனைவி ஒத்துக்கொண்டார். ஆனால் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் முழுக் காரணம் தெரிந்தது. ஃப்ரூசமைடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இந்த நேரத்தில் அவர் மறுபடி வியாபாரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார், காலை ஆறிலிருந்து பத்து வரை தெருவில். வாய்வழி ஃப்ரூசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். காலையில் விழுங்கிவிட்டு சைக்கிளோடு நிற்கும் ஆளுக்கு அவசரத்துக்குப் போக இடமில்லை. வீட்டிலும் தெருக்கோடியில் உள்ள பொதுக் கழிப்பறைதான், அங்கும் வரிசை. "வெக்கமா இருக்கும்லா டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்றார். மாத்திரை காலையில் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சடித்திருப்பது பொதுவான பழக்கமே தவிர, மருந்தின் விதி ஒன்றுமில்லை. வியாபாரம் முடிந்து வீடு திரும்பும் பதினொன்றரை மணிக்கு முதல் மாத்திரை, மாலை நான்கரைக்கு இரண்டாவது என்று மாற்றினோம். மூன்று நாள் மட்டும் அளவைக் கூட்டி, எடை 66க்கு வந்ததும் பழைய 40 மி.கி. இரண்டு வேளை. மெட்டோப்ரோலாலை இந்த வாரம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

ஒன்பதாம் வாரம் நடந்ததுதான் இந்த நோயாளியிடம் நான் மற்ற டாக்டர்களுக்குக் காட்ட விரும்பும் இடம். மாவு அரைக்க எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு முறை விழப்போனார். படுத்திருக்கும்போது அழுத்தம் 102/66, எழுந்து நின்றதும் 84/58. கிரியாட்டினின் 1.7. அப்போது அவர் எனலாப்ரில் 5 மி.கி. இரண்டு வேளையும் மெட்டோப்ரோலால் 50 மி.கி.யும் எடுத்துக்கொண்டிருந்தார். அழுத்தம் குறைந்திருக்கிறது, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்றால் கை தானாக எனலாப்ரிலை வெட்டப் போகும். பலரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் எடை 63.7. கழுத்துக்குழாய் படுத்திருந்தாலும் சரியாகத் தெரியவில்லை. நாக்கு வறண்டிருந்தது. வீக்கம் துளியும் இல்லை. இரண்டு வாரம் முன்பு சேர்த்த டாபாகிளிஃப்ளோசினும் கொஞ்சம் நீரை இழுக்கும். இதயமும் ஓரளவு தேறியதால் உடம்பு முன்போல் நீரைப் பிடித்துவைக்கவில்லை. அதே நேரம் ஃப்ரூசமைடு மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நீர் தேங்கிய இதயத்திலிருந்து நீரை எடுக்கும்போது வெளியேற்றம் பெரிதாகக் குறையாது. தேவைக்குக் கீழே வறண்டுவிட்டால், அறை சரியாக நிரம்பாமல் ஒவ்வொரு துடிப்பும் சிறுத்துவிடும். அந்த நிலையில் எனலாப்ரிலின் ஒவ்வொரு மில்லிகிராமும் அதிகமாகத் தெரியும்.

எனவே குறைத்தது நீர் மாத்திரையை. ஃப்ரூசமைடு 40 மி.கி. இரண்டு வேளையிலிருந்து 20 மி.கி. ஒரு வேளைக்கு. மற்ற இரண்டிலும் கை வைக்கவில்லை. எட்டு நாள் கழித்து எடை 65.4, நின்றபடி அழுத்தம் 104/68, கிரியாட்டினின் 1.3. தலைசுற்றல் போயிற்று. அந்த இடம் கிடைத்ததால்தான் பின்னால் எனலாப்ரிலை 10 மி.கி. இரண்டு வேளைக்கு ஏற்ற முடிந்தது. நீர் மாத்திரைக்கு நிலையான அளவு என்று ஒன்று கிடையாது. நீரைத் தேங்கவிடாத மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுதான் அந்த மாதத்தின் அளவு. மற்ற இரண்டும் இலக்கை நோக்கி ஏற்றப்பட வேண்டியவை. அழுத்தம் தாழும்போது நீர் தேங்கியிருக்கிறதா, வறண்டிருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டையும் குழப்பினால், உயிரைக் காக்கும் மாத்திரை போய் சுகம் தரும் மாத்திரை மட்டும் மிஞ்சும்.

ஆறாம் மாதம்

மூன்றாம் மாத எக்கோவில் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் 37. முழு மருந்து மூன்று மாதம் சாப்பிட்ட பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றிருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டினார். ஆறாம் மாதம் 41. மாரடைப்பில் செத்துப்போன முன்சுவரின் பகுதி இப்போதும் அசையவில்லை, அது தழும்பு, எந்த மாத்திரையும் அதை எழுப்பாது. மாறியது மீதி உயிருள்ள தசையும், அறையின் அளவும். நிரம்பும் கொள்ளளவு 158 மி.லி.யாகச் சுருங்கியிருந்தது, வால்வுக் கசிவும் ஏறக்குறைய நின்றிருந்தது. ஒரு துடிப்புக்கு 65 மி.லி., நாடி 64. நிமிடத்துக்கு 4.2 லிட்டர். முன்பு 104 துடிப்பில் செய்த வேலையை ஏறக்குறைய அதே அளவில், நாற்பது துடிப்பு குறைவாகச் செய்கிறது. ஐந்து நாளில் அவரைப் படுக்கவைத்த நாடியும் 62தான். அன்று ஒவ்வொரு துடிப்புக்கும் 42 மி.லி. மட்டுமே இருந்தது.

மெட்டோப்ரோலால் 100 மி.கி.யில் நின்றிருக்கிறது. 150க்கு ஏற்றிப் பார்த்தபோது நாடி 50க்குக் கீழே போய், சைக்கிள் மிதிக்க முடியவில்லை என்றார். திரும்ப இறக்கினோம். இரும்பு ஏணியை நிற்காமல் ஏறுகிறார்.

போன முறை வந்தபோது ஒரு வறட்டு இருமல், மூன்று வாரமாக, இரவில் அதிகம். நீர் திரும்புகிறதா என்று முதலில் பார்த்தோம். எடை 65.5, நெஞ்சு சுத்தம், படுத்தால் மூச்சு முட்டவில்லை. அப்படியானால் அது எனலாப்ரிலின் இருமல். ஏ.சி.இ. நொதி பிராடிகினின் என்ற பொருளையும் உடைப்பது வழக்கம். அதைத் தடுக்கும்போது பிராடிகினின் தேங்கி மூச்சுக்குழாயை அரிக்கிறது. அளவைக் குறைத்தாலும் பெரும்பாலும் போகாது. சாகுபிட்ரில்–வால்சார்டன் கூட்டு மாத்திரைக்கு மாற்ற முடிவு செய்தோம். அழுத்தம் 108 இருப்பதால் மிகச் சிறிய அளவில் தொடங்கலாம். எனலாப்ரிலின் கடைசி மாத்திரைக்கும் புதியதின் முதல் மாத்திரைக்கும் நடுவில் 36 மணி நேரம் முழுதாக விட வேண்டும். சாகுபிட்ரிலும் பிராடிகினினை உடைக்கவிடாது என்பதால், இரண்டும் உடம்பில் ஒன்றாக இருந்தால் உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கடைசி எனலாப்ரில், சனிக்கிழமை முழுக்க அது இல்லை, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல்தான் புதியது என்று மனைவியின் எடை நோட்டிலேயே எழுதி, வீட்டில் மிச்சமிருந்த எனலாப்ரில் அட்டைகளை மகனிடம் சொல்லி அப்புறப்படுத்தச் செய்தோம். மெட்டோப்ரோலால் இரண்டு நாளும் வழக்கம்போல.